இசட் உருமாற்ற வீட்டுப்பாடம், 4-ஆம் கணக்கு: திருத்தியபோது திரும்பத் திரும்பக் கண்ட தவறுகள்

உதவி ஆசிரியர்

எல்லோருக்கும் வணக்கம். விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். மற்ற கணக்குகளில் வந்தவை பெரும்பாலும் கைத்தவறுகள்தான், அவற்றை அந்தந்தத் தாளிலேயே குறித்திருக்கிறேன். 4-ஆம் கணக்கு அப்படியில்லை. அதில் ஒரே வகைத் தவறு பலருடைய தாளிலும் இருக்கிறது. அதனால் அதைப் பற்றி மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கணக்கு இதுதான்:

```
X(z) = 3 / (1 - 2.5 z^-1 + z^-2)
```

(அ) பிரிவில் இதற்குப் பொருந்தும் எல்லா x[n]-களையும் கேட்டிருந்தோம். (ஆ) பிரிவில் இது ஒரு நிலையான அமைப்பின் H(z) என்றால் h[n] என்ன என்று கேட்டிருந்தோம். (இ) பிரிவில் காசல் விடையை எடுத்துக்கொண்டு, n பெரிதாகும்போது அது எங்கே போகிறது என்று கேட்டிருந்தோம்.

பகுதிப் பின்னங்களாகப் பிரிக்கும் வேலையை அநேகமாக எல்லோரும் சரியாகச் செய்திருக்கிறீர்கள். துருவங்கள் 2, 0.5.

```
X(z) = 4/(1 - 2 z^-1) - 1/(1 - 0.5 z^-1)
```

இதற்கு அடுத்த வரியில்தான் சிக்கல். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் நேராக `x[n] = 4·2^n u[n] - 0.5^n u[n]` என்று எழுதி, கீழே கோடு போட்டு முடித்துவிட்டார்கள். ஆர்ஓசி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த விடை தவறில்லை, ஆனால் அது மூன்று விடைகளில் ஒன்றுதான். X(z)-இன் கோவை மட்டும் கையில் இருந்தால் சிக்னல் எது என்று சொல்ல முடியாது. எந்த வளையத்தில் அந்தத் தொடர் ஒருங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சிக்னல் ஒன்றாக முடிவாகும்.

ஏன் என்று ஒரு பின்னத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். `1/(1 - a z^-1)` என்பதை `z^-1`-இன் அடுக்குகளில் விரித்தால் 1, a, a² என்று வலப்பக்கம் ஓடும் தொடர் வரும். |z| > |a| என்றால்தான் அது ஒருங்கும். அதே பின்னத்தின் மேலும் கீழும் `-a^-1 z`-ஆல் பெருக்குங்கள்:

```
1/(1 - a z^-1) = -a^-1 z / (1 - a^-1 z) = -(a^-1 z + a^-2 z^2 + ...)
```

இது |z| < |a| என்றால் ஒருங்கும். z-இன் நேர் அடுக்கு என்றால் n எதிர்மம். ஆகவே இந்த விரிவு தரும் சிக்னல் `-a^n u[-n-1]`. அந்தக் கழித்தல் குறியைப் பலர் விட்டுவிட்டார்கள். அட்டவணையை மனப்பாடம் செய்தால் அது நழுவிவிடும். மேலே உள்ள ஒரு வரியை ஒருமுறை கையால் செய்துவிட்டால் நழுவாது.

இனி 4-ஆம் கணக்குக்கு வருவோம். துருவங்கள் இருக்கும் வட்டங்கள் இரண்டு, ஆகவே பகுதிகள் மூன்று:

```
|z| > 2        :  4·2^n u[n]     - 0.5^n u[n]
0.5 < |z| < 2  : -4·2^n u[-n-1]  - 0.5^n u[n]
|z| < 0.5      : -4·2^n u[-n-1]  + 0.5^n u[-n-1]
```

நடு வரியில் இரண்டு துருவங்களும் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. 2 என்ற துருவத்துக்கு நாம் உள்ளே நிற்கிறோம், அதனால் அது இடப்பக்கத் தொடர். 0.5-க்கு வெளியே நிற்கிறோம், அதனால் அது வலப்பக்கத் தொடர். ஒவ்வொரு துருவத்துக்கும் ‘நான் இதற்கு உள்ளேயா, வெளியேயா?’ என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் இரண்டையும் சேர்த்து ஒரே பக்கம் தள்ளியிருந்தார்கள்.

(ஆ) பிரிவுக்கு விடை நடு வரி. அலகு வட்டம் அந்த வளையத்துக்குள் இருக்கிறது. அதைத் தேர்ந்தவர்கள் மிகக் குறைவு.

(இ) பிரிவில் இறுதி மதிப்புத் தேற்றத்தைப் போட்டு 0 என்று எழுதியவர்கள் பலர். காசல் விடையின் முதல் சில மதிப்புகள் 3, 7.5, 15.75. இது பூச்சியத்துக்கா போகிறது? `(1 - z^-1)X(z)`-இன் துருவங்கள் எல்லாம் அலகு வட்டத்துக்கு உள்ளே இருந்தால்தான் அந்தத் தேற்றம் செல்லும். இங்கே 2 வெளியே இருக்கிறது. தேற்றம் எல்லை எது என்று சொல்லும், எல்லை இருக்கிறதா என்று சொல்லாது.

கேள்விகள் இருந்தால் இங்கேயே கேளுங்கள். மதிப்பெண் பற்றியும் பேசலாம்.

---

மூன்றாம் வரிசை

அக்கா, (ஆ) பிரிவுக் கேள்வியே தவறு என்று நினைக்கிறேன். துருவங்கள் எல்லாம் அலகு வட்டத்துக்குள் இருந்தால்தான் அமைப்பு நிலையானது என்று வகுப்பில் படித்தோம். இங்கே ஒரு துருவம் 2-இல் இருக்கிறது. அப்படியானால் இது நிலையற்ற அமைப்பு. நிலையானது என்று வைத்துக்கொண்டு h[n] கேட்பது எப்படிச் சரியாகும்? என் தாளில் ‘இத்தகைய அமைப்பு இல்லை’ என்று எழுதினேன். பூச்சியம் போட்டிருக்கிறீர்கள்.

---

பழைய ரேடியோ

நான் இந்த வகுப்பில் இல்லை. சிக்னல் வேலையிலேயே பல வருடங்கள் போய்விட்டன. தலைப்பைப் பார்த்ததும் உள்ளே வந்தேன்.

தம்பி, நீங்கள் சொல்லும் விதி உண்மைதான், ஆனால் அதன் முன்னால் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. காசல் அமைப்பு என்றால் துருவங்கள் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். காசல் என்ற நிபந்தனை இல்லாவிட்டால் விதி வேறு: அலகு வட்டம் ஆர்ஓசிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காசல் அமைப்பில் ஆர்ஓசி கடைசித் துருவத்துக்கு வெளியே போவதால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பல பேர் அந்தக் குறுக்கு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

நம்ப வேண்டாம், கூட்டிப் பாருங்கள். நடு விடையின் இடப்பக்கம் n = -1, -2, -3 என்று போகும்போது -2, -1, -0.5. தனிமதிப்புகளைக் கூட்டினால் 4. வலப்பக்கம் -1, -0.5, -0.25 என்று போகிறது. கூட்டினால் 2. மொத்தம் 6, முடிவுள்ள எண். ஒரு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் நிலையானதா என்று கேட்டால் பார்க்க வேண்டியது இதைத்தான். நடு விடை அதில் தேறிவிட்டது.

இன்னொரு சோதனையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. X(z)-இல் z = 1 போட்டால் x[n]-களின் கூட்டுத்தொகை வரவேண்டும், வரையறையே அதுதான். இங்கே X(1) = 3/(1 - 2.5 + 1) = -6. நடு விடையைக் குறியோடு கூட்டினால் -4 - 2 = -6. பொருந்துகிறது. இப்போது காசல் விடையைக் கூட்டுங்கள்: 3 + 7.5 + 15.75 + ... எல்லாம் நேர்ம எண்கள், ஏறிக்கொண்டே போகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை -6 ஆகவே முடியாது. z = 1 அந்த விடையின் ஆர்ஓசிக்குள் இல்லை என்பதுதான் இப்படி வெளியே தெரிகிறது. கோவையில் z = 1 போட்டதும் ஒரு எண் கிடைத்துவிடுகிறது, ஆனால் அந்த எண்ணுக்கும் அந்தச் சிக்னலுக்கும் தொடர்பே இல்லை.

---

மூன்றாம் வரிசை

கூட்டுத்தொகை -6 என்பதைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நன்றி சார். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நடு விடையில் n = -1-லேயே மதிப்பு இருக்கிறது. உள்ளீடு வருவதற்கு முன்பே வெளியீடு வருகிறது. அப்படி ஒரு பெட்டியைச் செய்யவே முடியாதே. செய்ய முடியாத ஒன்றுக்கு நிலையானது என்று பெயர் வைத்து என்ன பயன்?

---

பழைய ரேடியோ

நேரடியாக வந்துகொண்டிருக்கும் சிக்னலுக்குச் செய்ய முடியாது, உண்மை. ஆனால் சிக்னல் முழுவதும் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்தால் ‘முன்பே’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை. பதிவு செய்த ஒலி, ஒரு படத்தின் ஒரு வரிசை, இவற்றில் எல்லாம் n என்பது வெறும் இடம்தான். இடமிருந்து வலமாகவும் போகலாம், வலமிருந்து இடமாகவும் போகலாம்.

படங்களைப் பெரிதாக்கும்போது கியூபிக் ஸ்ப்ளைன் இடைமதிப்பு எடுப்பார்கள். அதற்கு முன் ஒரு வடிகட்டி ஓடும்: `6/(z + 4 + z^-1)`. அதன் துருவங்கள் சுமார் -0.268, -3.732. ஒன்றுக்கொன்று தலைகீழ் எண்கள், நம் 0.5-உம் 2-உம் போலவே. அங்கே எடுத்துக்கொள்வது நடு வளையத்தைத்தான். உங்கள் வீட்டுப்பாடத்தின் நடு விடையை எழுதிப் பாருங்கள்: ..., -0.5, -1, -2, -1, -0.5, ... அது n = -1-ஐச் சுற்றி இருபக்கமும் சமச்சீராக இருக்கிறது. படத்துக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட வடிகட்டிதான், ஒரு பக்கமாக இழுக்காதது.

---

மின்மினி

அக்கா, நான் (ஆ) பிரிவில் நடு விடையைத்தான் எழுதினேன். அப்புறம் பைத்தானில் சரிபார்த்தேன், அது பொருந்தவில்லை. பயந்து அடித்துவிட்டுக் காசல் விடையை எழுதிவிட்டேன். நான் போட்டது இது:

```
import numpy as np
from scipy.signal import lfilter
d = np.zeros(6); d[0] = 1
print(lfilter([3], [1, -2.5, 1], d))
```

வந்தது 3, 7.5, 15.75, 31.875, 63.9375, 127.96875. கணினி பெருகிக்கொண்டே போகிறது என்று சொல்லும்போது நான் எப்படி நிலையானது என்று எழுதுவது?

---

உதவி ஆசிரியர்

மின்மினி, அடித்த வரி உங்கள் தாளில் தெரிகிறது. அதைப் பார்த்தபோதே ஏன் அடித்தீர்கள் என்று யோசித்தேன்.

`lfilter`-க்கு நீங்கள் கொடுத்தது குணகங்களை மட்டும். ஆர்ஓசியை அதனிடம் சொல்ல வழியே இல்லை. அது எப்போதும் இடமிருந்து வலமாக, முந்தைய மதிப்புகளிலிருந்து அடுத்த மதிப்பைக் கணக்கிடும். அதாவது நீங்கள் எதைக் கேட்டாலும் அது காசல் விடையைத்தான் தரும். எனவே அது தந்தது முதல் வரிக்கான சரிபார்ப்பு. உங்கள் முதல் வரி சரி என்று அது உறுதி செய்திருக்கிறது, நடு வரியைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

நடு வரியைச் சரிபார்க்க எளிய வழி, சமன்பாட்டில் நேராகப் போட்டுப் பார்ப்பது. மூன்று விடைகளும் நிறைவேற்ற வேண்டியது ஒரே சமன்பாடு:

```
x[n] - 2.5 x[n-1] + x[n-2] = 3 δ[n]
```

நடு விடையில் x[-3] = -0.5, x[-2] = -1, x[-1] = -2, x[0] = -1, x[1] = -0.5. n = 0-இல் போடுங்கள்: -1 + 5 - 1 = 3. சரி. n = 1-இல்: -0.5 + 2.5 - 2 = 0. சரி. n = -1-இல்: -2 + 2.5 - 0.5 = 0. சரி. n = 0-ஐச் சுற்றி இந்த மூன்று இடங்களில் போட்டுப் பார்த்தால் போதும். குறித் தவறு, u-வின் எல்லைத் தவறு இரண்டும் இங்கேதான் வெளிப்படும். உதாரணமாக `u[-n-1]`-க்குப் பதில் `u[-n]` எழுதியிருந்தால் x[0] = -5 ஆகும், n = 0-இல் 3-க்குப் பதில் -1 வந்துவிடும்.

---

சிற்றலை

எனக்கு வேறு மாதிரித் தவறு. மேலே அக்கா எழுதிய 4, -1 எனக்கு வரவேயில்லை. 2, -2 வந்தது. கையால் செய்யாமல் `residue([3], [1, -2.5, 1])` என்று கொடுத்தேன். பிறகு `2·2^n u[n] - 2·0.5^n u[n]` என்று எழுதினேன். இரண்டு துருவங்களும் சரியாக வந்தன, ஆனால் முழுக் கணக்குக்கும் பாதி மதிப்பெண்தான். நிரலே தவறா?

---

பழைய ரேடியோ

நிரல் தவறில்லை. அது வேறு கோவையைப் பிரித்திருக்கிறது. `residue` குணகங்களை நேர் அடுக்குகளாகப் படிக்கும். நீங்கள் கொடுத்ததை அது `3/(z² - 2.5z + 1)` என்று எடுத்துக்கொண்டது. உங்கள் கோவையின் மேலும் கீழும் z²-ஆல் பெருக்கினால் மேலே `3z²` இருக்கும். அந்த z² காணாமல் போய்விட்டது. துருவங்கள் பகுதியிலிருந்து வருவதால் அவை மாறாது, அதனால்தான் பார்த்தவுடன் சந்தேகம் வரவில்லை.

`z^-1` வடிவத்துக்கு `residuez` என்று தனியாக இருக்கிறது. அதில் கொடுத்தால் 4, -1 கிடைக்கும்.

x[0]-ஐப் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். காசல் விடையில் z-ஐ முடிவிலிக்குக் கொண்டுபோனால் X(z) = 3. ஆகவே x[0] = 3 வரவேண்டும். உங்கள் விடையில் 2 - 2 = 0.

---

உதவி ஆசிரியர்

இதோடு ஒட்டி ஒன்று. சிலர் z² சேர்த்துக் கையால் சரியாகப் பிரித்தார்கள்:

```
X(z) = 3 + 8/(z - 2) - 0.5/(z - 0.5)
```

இதுவும் சரியான பிரிப்பு. ஆனால் `8/(z-2)` என்பது `8·2^n u[n]` ஆகாது. ஒரு படி தாமதம் இருக்கிறது: `8·2^(n-1) u[n-1]`. தாமதத்தை மறந்தவர்களும் இருக்கிறார்கள், முன்னால் இருக்கும் 3-ஐ, அதாவது `3δ[n]`-ஐ, விட்டவர்களும் இருக்கிறார்கள். X(z)/z-ஐப் பிரித்துவிட்டுப் பிறகு z-ஆல் பெருக்குவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான். இல்லாவிட்டால் முதலிலிருந்தே `z^-1`-இல் பிரியுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

---

பாறையடி

நான் நிலநடுக்க அலைப் பதிவுகளோடு வேலை செய்பவன். நீங்கள் எல்லோரும் தலைகீழாகப் பேசுவதாகத் தோன்றுகிறது. எங்கள் துறைப் புத்தகங்களில் காசலாகவும் நிலையாகவும் இருக்க வேண்டுமானால் பகுதியின் மூலங்கள் அலகு வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 2 வெளியே இருப்பதால் அது நல்ல துருவம், 0.5-தான் பிரச்சினை. அப்படியானால் மேலே எழுதிய மூன்று வரிகளில் இடமும் வலமும் மாற வேண்டாமா?

---

பழைய ரேடியோ

மாற வேண்டாம் ஐயா. உங்கள் துறையில் Z என்ற எழுத்தே ஒரு படி தாமதத்தைக் குறிக்கும். இங்கே தாமதம் என்றால் `z^-1`. ஒன்று மற்றதன் தலைகீழ். அதனால் உங்களுக்கு வெளியே இருப்பது எங்களுக்கு உள்ளே. சிக்னல் அதேதான், வரைபடம் மட்டும் உள்ளும் புறமுமாகத் திரும்பியிருக்கிறது. இந்தக் கணக்கை உங்கள் முறையில் எழுதினால் `3/(1 - 2.5Z + Z²)`. மூலங்கள் மறுபடியும் 2, 0.5-தான், ஏனென்றால் அவை ஒன்றுக்கொன்று தலைகீழ் எண்கள். அதனால்தான் இந்தக் கணக்கில் இரண்டு முறைகளும் ஒன்றுபோலத் தெரிந்து இன்னும் குழப்புகின்றன. உங்கள் 0.5-தான் எங்கள் 2.

---

பாறையடி

சரி, புரிந்தது. அந்த எண்களின் தற்செயலில்தான் நானும் விழுந்தேன். 2, 0.25 என்று இருந்திருந்தால் உங்கள் துருவங்களும் என் மூலங்களும் வேறு வேறு எண்களாக இருந்திருக்கும், உடனே கண்ணில் பட்டிருக்கும்.

---

கடிவாளம்

கட்டுப்பாட்டுப் பொறியியல் பக்கமிருந்து ஒரு மறுப்பு. நாங்கள் ஆர்ஓசி எழுதுவதே இல்லை. ஒருபக்க உருமாற்றம்தான் பயன்படுத்துகிறோம், கூட்டல் n = 0-இலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே ஒரு கோவைக்கு ஒரே ஒரு தொடர்தான் உண்டு. இந்த மாணவர்களில் பலர் அடுத்த பருவத்தில் எங்கள் பாடத்துக்குத்தான் வருவார்கள். அங்கே ஒரு வரியில் முடியும் வேலைக்கு இங்கே ஆர்ஓசி எழுதவில்லை என்று பாதி மதிப்பெண் குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குறிப்பாக (இ) பிரிவில் ‘காசல்’ என்று கேள்வியிலேயே இருக்கிறது. அதற்கும் |z| > 2 என்று எழுதாததற்கு ஒரு மதிப்பெண் போயிருக்கிறதாம். காசல் என்றாலே அது தானே வந்துவிடுகிறது?

---

உதவி ஆசிரியர்

(அ), (ஆ) இரண்டுக்கும் நான் குறைத்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். (அ) ‘எல்லா x[n]-களும்’ என்று கேட்கிறது. (ஆ) காசல் என்று சொல்லவே இல்லை. ஒருபக்க உருமாற்றத்தை எடுத்துக்கொண்டால் அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடமே இல்லாமல் போய்விடும்.

(இ) பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் ஏன் குறைத்தேன் என்று சொல்கிறேன். 0 என்று எழுதிய தாள்களில் ஏறக்குறைய எதிலும் |z| > 2 என்ற வரி இல்லை. அந்த வரியை எழுதியவர்கள் z = 1 அதற்கு வெளியே இருப்பதைப் பார்த்துத் தேற்றத்தைத் தொடாமல் நின்றுவிட்டார்கள். அந்த ஒரு வரி பிழையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்று பட்டதால்தான் அதற்கு ஒரு மதிப்பெண் வைத்தேன். ஆனால் ஆர்ஓசி எழுதாமலே ‘வரம்பின்றிப் பெருகும்’ என்று சரியாக எழுதியவர்களுக்கும் அது குறைந்திருக்கிறது. அதை ஆசிரியரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

---

கடிவாளம்

நீங்கள் சொன்ன காரணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆர்ஓசியில் z = 1 இல்லை என்பதால் மட்டும் தேற்றம் செல்லாமல் போகாது. `u[n]`-ஐ எடுங்கள். ஆர்ஓசி |z| > 1. z = 1 அதற்குள் இல்லை. ஆனாலும் `(1 - z^-1)` பெருக்கியதும் துருவம் அடிபட்டுப்போய், இறுதி மதிப்பு 1 என்று தேற்றம் சரியாகச் சொல்கிறது. பார்க்க வேண்டியது பெருக்கிய பிறகு எஞ்சும் துருவங்களை.

---

உதவி ஆசிரியர்

ஆமாம், அங்கே நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். என் முதல் பதிவில் இருக்கும் நிபந்தனைதான் சரியானது: `(1 - z^-1)X(z)`-இன் துருவங்கள் அலகு வட்டத்துக்கு உள்ளே. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையிலும் ஒரு உதாரணம்: `(-1)^n u[n]`. அதற்கும் ஆர்ஓசி |z| > 1-தான். பெருக்கினால் `(1 - z^-1)/(1 + z^-1)`, z = 1-இல் அது 0. ஆனால் சிக்னல் 1, -1, 1, -1 என்று ஆடிக்கொண்டே இருக்கிறது, எல்லையே கிடையாது. -1-இல் இருக்கும் துருவம் அடிபடாமல் வட்டத்தின் மேலேயே நிற்கிறது.

---

மின்மினி

பழைய ரேடியோ சார், வலமிருந்து இடமாகவும் போகலாம் என்றீர்களே. அதைச் செய்து பார்த்தேன். 2-க்கான பகுதியில் `y[n] - 2y[n-1] = 4x[n]`. அதைத் திருப்பி `y[n-1] = 0.5 y[n] - 2 x[n]` என்று எழுதி, உள்ளீட்டைக் கடைசியிலிருந்து ஓட்டினேன்.

```
x = np.zeros(11); x[5] = 1
a = lfilter([-1], [1, -0.5], x)
b = lfilter([0, -2], [1, -0.5], x[::-1])[::-1]
print(a + b)
```

நடுவில் -0.5, -1, -2, -1, -0.5 வருகிறது! -2 இருப்பது 4-ஆம் இடத்தில், அதாவது இம்பல்ஸுக்கு ஒரு இடம் முன்னால். முன்னோக்கி ஓடும்போது 2-ஆல் பெருகிக்கொண்டிருந்தது, பின்னோக்கி ஓடும்போது 0.5-ஆல் சுருங்குகிறது. இப்போதுதான் ‘உள்ளே நின்றால் இடப்பக்கம்’ என்பது வெறும் குறியீடாகத் தெரியவில்லை.

ஒரு சந்தேகம். இம்பல்ஸுக்கு இரண்டு ஓரங்களிலும் பூச்சியம் இருப்பதால் பிரச்சினை இல்லை. உண்மையான பதிவு ஓரத்தில் சட்டென்று நின்றுவிட்டால், கடைசியிலிருந்து தொடங்கும் y-இன் மதிப்பை என்ன என்று வைத்துக்கொள்வது?

---

பழைய ரேடியோ

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள் அம்மா. அந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. பதிவுக்கு அப்பால் சிக்னல் எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஒரு ஊகம் வைத்தாக வேண்டும். பூச்சியம் என்று வைக்கலாம், கடைசி மதிப்பே தொடர்கிறது என்று வைக்கலாம், கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி ஒட்டலாம். படங்களுக்கு நான் பெரும்பாலும் கடைசி வழியைத்தான் எடுப்பேன். உங்கள் துருவம் 0.5 என்பதால், ஊகம் தவறாக இருந்தாலும் ஓரத்திலிருந்து 10 இடம் உள்ளே வருவதற்குள் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். துருவம் 0.99 என்றால் அந்த ஆறுதல் கிடையாது, 100 இடம் உள்ளே வந்தாலும் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமிருக்கும்.

---

மூன்றாம் வரிசை

அக்கா, ‘இத்தகைய அமைப்பு இல்லை’ என்று எழுதிய எனக்கு ஏதாவது மதிப்பெண் உண்டா? ‘காசலாகவும் நிலையாகவும் இருக்கும் அமைப்பு இல்லை’ என்று எழுதியிருந்தால் அது உண்மைதானே?

---

உதவி ஆசிரியர்

அப்படி எழுதியிருந்தால் அது உண்மையான வாக்கியம், ஆனால் கேட்ட கேள்விக்கு விடை அல்ல. துருவங்களைச் சரியாகக் கண்டு, 2 வெளியே இருப்பதைக் கவனித்ததற்கு ஒரு மதிப்பெண் தரலாம் என்று தோன்றுகிறது. (இ) பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்து ஆசிரியரிடம் கேட்கிறேன். தாளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மின்மினி, நீங்களும் கொண்டுவாருங்கள். அடித்த வரிக்கு மதிப்பெண் தர விதியில் இடமிருக்கிறதா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன்.